நெரிசலான டைம்லைனை ஒழுங்குபடுத்துதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை (பிரீமியர் ப்ரோ)

இந்த வழிமுறைக்கு எடுத்துக்கொண்ட ப்ராஜெக்ட் ஒரு கல்யாணப் படம். நீளம் 38 நிமிடம், நொடிக்கு 25 ஃப்ரேம். மேடைக்கு நேராக முக்காலியில் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று, கையில் கிம்பலோடு ஒன்று, மண்டபத்துக்கு வெளியே ட்ரோன். மண்டப மிக்ஸரிலிருந்து நாதஸ்வரம், தவில், மந்திரம் எல்லாம் தனி ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. எடிட் பாதியைத் தாண்டியபோது டைம்லைனில் 14 வீடியோ ட்ராக், 17 ஆடியோ ட்ராக். எல்லாவற்றுக்கும் `V9`, `A12` என்று எண்கள் மட்டும்தான். எல்லா க்ளிப்பும் ஒரே நிறம். பாதி க்ளிப்புகள் மியூட்டில் கிடக்கின்றன. எது வேண்டுமென்று மியூட் செய்தது, எது மறந்து விட்டது என்று சொல்ல முடியாத நிலை.

உங்கள் டைம்லைனில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். மொத்தத்தையும் ஒழுங்கு செய்வதானால் இங்கே இருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். எங்கே தொடங்கினாலும், முதலில் ப்ராஜெக்ட் பேனலில் அந்த சீக்வென்ஸின் மேல் வலது க்ளிக் செய்து `Duplicate` கொடுத்து, நகலின் பெயரில் `_v08` போல அடுத்த எண்ணைச் சேருங்கள். ஒழுங்குபடுத்தும் வேலையில் ஒரு க்ளிப் இன்னொன்றின் மேல் விழுந்து அழித்துவிட்டால் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது திரும்பிப் பார்க்கப் பழைய சீக்வென்ஸ் வேண்டும்.

அறிகுறி 1: எல்லா க்ளிப்பும் ஒரே நிறம். எது எந்தக் கேமரா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது

ட்ராக்குகளுக்குப் பெயர் வைக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் நிறத்தில் தொடங்குவதே சரி. நிறம் கொடுத்த பிறகுதான் தவறான ட்ராக்கில் கிடக்கும் க்ளிப்புகள் கண்ணில் படும். அவற்றை நகர்த்திய பின்புதான் ஒரு ட்ராக்குக்கு வைக்கும் பெயர் உண்மையாகும்.

ஒரே நிறமாக வருவதற்குக் காரணம், பிரீமியர் நிறத்தை மீடியாவின் வகையைப் பார்த்துக் கொடுப்பதுதான். படமும் ஒலியும் சேர்ந்த ஃபைல் என்றால் ஒரு நிறம், ஒலி மட்டும் என்றால் ஒரு நிறம், ஸ்டில் என்றால் ஒரு நிறம். மூன்று கேமராவும் படமும் ஒலியும் சேர்ந்த ஃபைலையே தருவதால் மூன்றும் ஒரே நிறத்தில் வந்து விழுகின்றன. எந்தக் கேமரா என்பது அதற்குத் தெரியாது.

மொத்தம் 16 லேபிள் நிறங்கள் உண்டு. பதினாறையும் பயன்படுத்தினால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று நினைவில் நிற்காது; ஆறு போதும். இந்தப் படத்துக்கு மேடைக் கேமரா `Cerulean`, பக்கவாட்டுக் கேமரா `Mango`, கிம்பல் `Lavender`, ட்ரோன் `Yellow`, ரெக்கார்டர் ஒலி `Rose`, பாட்டும் பின்னணி இசையும் `Brown`. அடுத்தடுத்து அதிகம் வெட்டப்படும் இரண்டு கேமராக்களுக்கு ஒன்றுக்கொன்று நெருக்கமான நிறம் கொடுக்காதீர்கள். `Cerulean`, `Blue` இரண்டையும் அருகருகே வைத்தால், டைம்லைனைச் சுருக்கிப் பார்க்கும்போது ஒன்றாகவே தெரியும்.

செய்யும் முறை: ப்ராஜெக்ட் பேனலில் ஒரு கேமராவின் க்ளிப்புகளைப் போட்டு வைத்த `Bin` ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் எல்லா க்ளிப்பையும் `Ctrl+A` கொடுத்துத் தேர்ந்து, வலது க்ளிக், `Label`, நிறம். எடிட் தொடங்கும் முன்பே இதைச் செய்திருந்தால் வேலை இங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு டைம்லைனுக்குப் போகும் ஒவ்வொரு க்ளிப்பும் அந்த நிறத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும்.

எடிட் ஏற்கனவே நடந்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: `Bin`-இல் நிறம் மாறிவிட்டது, டைம்லைனில் மாறவில்லை. இது பிழையல்ல. டைம்லைனில் இருக்கும் ஒவ்வொரு க்ளிப்பும் தனக்கென ஒரு லேபிளை வைத்திருக்கிறது. மூலக் க்ளிப்பில் பின்னால் செய்யும் மாற்றம் அதைத் தொடுவதில்லை. `File > Project Settings > General` பகுதியில் `Display the project item name and label color for all instances` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் டைம்லைனில் உள்ள எல்லா இடத்திலும் மூலக் க்ளிப்பின் நிறமே காட்டப்படும். 38 நிமிட டைம்லைன் முழுக்க ஒரு நொடியில் நிறம் பிரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு விலை உண்டு. அது டிக்கில் இருக்கும்வரை, டைம்லைனில் ஒரு துண்டுக்கு மட்டும் நிறம் மாற்றி அடையாளம் வைக்க முடியாது. பலர் ‘இந்த ஷாட்டுக்குக் கலர் கரெக்‌ஷன் பாக்கி’ என்பதைச் சிவப்பு லேபிளால் குறிப்பார்கள்; அந்தக் குறிகள் எல்லாம் காணாமல் போகும். லேபிள் நிறத்தை ‘இது எங்கிருந்து வந்தது’ என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ‘இதில் என்ன வேலை பாக்கி’ என்பதை மார்க்கருக்கு விட்டுவிடுவதே நல்லது. க்ளிப்பைத் தேர்ந்து `M` அழுத்தினால் மார்க்கர் அந்த க்ளிப்பின் மேலேயே உட்காரும், க்ளிப் நகர்ந்தால் கூடவே போகும், உள்ளே குறிப்பும் எழுதலாம். ஒரே நிறம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், கடைசியில் இரண்டுக்குமே சரியான பதில் கிடைக்காது.

`Preferences > Labels` பகுதியில் `Cerulean` என்ற பெயரையே `CAM A STAGE` என்று மாற்றிவிடலாம். வலது க்ளிக் மெனுவில் அந்தப் பெயரே வரும். இது அந்தக் கணினியின் அமைப்பு. ப்ராஜெக்ட் ஃபைலை வேறொரு எடிட்டருக்குக் கொடுக்கும்போது இந்தப் பெயர்கள் கூடப் போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். நிறப் பட்டியலை ஒரு சிறு குறிப்பாக எழுதி ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே வையுங்கள்.

அறிகுறி 2: நிறம் கொடுத்தாயிற்று, டைம்லைனில் சரியாகத் தெரியவில்லை

படத்தின் தம்ப்நெயிலும் ஒலியின் அலைவடிவமும் நிறத்தை மூடிக்கொண்டிருக்கும். டைம்லைனின் இடது மேல் ஓரத்தில் உள்ள ஸ்பேனர் ஐகானை அழுத்தி `Show Video Thumbnails` என்பதை எடுத்துவிடுங்கள். டைம்லைன் பேனலின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று கோடு மெனுவில் `Audio Waveforms Use Label Color` இருக்கும். அதை டிக் செய்தால் அலைவடிவமே லேபிள் நிறத்தில் வரும். ரெக்கார்டர் ஒலியும் கேமரா மைக் ஒலியும் தூரத்திலிருந்தே பிரிந்து தெரியும். பிறகு `\` அழுத்தினால் சீக்வென்ஸ் முழுவதும் திரைக்குள் அடங்கும். நிறங்கள் சரியாக விழுந்திருக்கிறதா என்பதை அந்தப் பார்வையில்தான் சோதிக்க வேண்டும்.

அறிகுறி 3: எந்த ட்ராக்கில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ட்ரோன் ஷாட் V3-இலும் இருக்கிறது, V9-இலும் இருக்கிறது

ஒரு ட்ராக் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும். க்ளிப்பை இழுத்துப் போடும்போது காலியாக இருந்த மேல் ட்ராக்கில் போட்டுக்கொண்டே போனதால்தான் 14 ட்ராக் ஆயிற்று. இந்தப் படத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது இவ்வளவுதான்:

```
V6  ALT
V5  TITLE
V4  GFX
V3  DRONE
V2  CUT
V1  MAIN
A1  REC
A2  CAM MIC
A3  SFX
A4  SONG
A5  BED
```

`MAIN` என்பது சடங்கின் தொடர்ச்சியைச் சுமக்கும் ஷாட்டுகள், எந்தக் கேமராவானாலும் சரி. `CUT` என்பது மேலே போடும் இடைச்செருகல்: அட்சதைத் தட்டு, பாட்டியின் முகம், தவில்காரரின் விரல்கள். கேமராவுக்கு ஒரு ட்ராக் என்று பிரிக்காததற்குக் காரணம், கேமராவை நிறமே சொல்லிவிடுகிறது. ட்ராக் சொல்ல வேண்டியது, அந்த ஷாட் படத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை. இரண்டும் ஒரே தகவலைச் சொன்னால் ஒன்று வீண்.

பிரீமியரில் ஒரு ட்ராக்கை அப்படியே பிடித்து மேலே கீழே இழுத்து வரிசை மாற்ற முடியாது. க்ளிப்புகளைத்தான் நகர்த்த வேண்டும். `Sequence > Add Tracks...` கொடுத்து, தேவையான ட்ராக்குகளை எல்லாவற்றுக்கும் மேலே சேருங்கள். பிறகு ஒரு பழைய ட்ராக்கை எடுத்துக்கொண்டு, அதில் மஞ்சளாகத் தெரியும் ட்ரோன் க்ளிப்புகளை `Shift` அழுத்தியபடி ஒவ்வொன்றாகத் தேர்ந்து, புதிய `DRONE` ட்ராக்குக்கு இழுங்கள். இழுக்கத் தொடங்கிய பின் `Shift` அழுத்திப் பிடித்தால் க்ளிப் நேரத்தில் பக்கவாட்டில் நகராது, செங்குத்தாக மட்டும் போகும். இழுக்கும் முன் ஆடியோ ட்ராக்குகளின் பூட்டைப் போடுங்கள். ஏதாவது ஓர் ஆடியோ பூட்டின் மேல் `Shift` க்ளிக் செய்தால் எல்லா ஆடியோவும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வீடியோவை நகர்த்தும்போது அதோடு இணைந்த ஒலி கூடவே போய் வேறொரு ஒலியின் மேல் விழுந்து அதை அழித்துவிடாமல் இருக்கத்தான் இது.

கவனிக்க வேண்டியது மேல் கீழ் வரிசை. மேல் ட்ராக்கில் இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். பழைய அமைப்பில் V9-இல் இருந்த ஓர் இடைச்செருகல் V3-இல் இருந்த ட்ரோன் ஷாட்டை இரண்டு நொடி மறைத்துக்கொண்டிருந்திருக்கலாம். புதிய அமைப்பில் `DRONE` மேலே, `CUT` கீழே. இப்போது இடைச்செருகல் மறைந்துபோகும். இரண்டு ட்ராக்கிலும் ஒரே நேரத்தில் க்ளிப் இருக்கும் இடங்களை மட்டும் பழைய சீக்வென்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் ட்ரோன் க்ளிப்பின் முனையை வெட்டிக் குறைத்தால் போதும்.

எல்லாம் இடம் மாறிய பிறகு பெயர். ட்ராக்கின் தலைப்பகுதியில் வலது க்ளிக், `Rename`. பெயர் தெரியவில்லை என்றால் ட்ராக் உயரம் போதவில்லை. `Shift+=` அழுத்தினால் எல்லா ட்ராக்கும் விரியும், `Shift+-` அழுத்தினால் சுருங்கும். தலைப்பகுதியின் வலது ஓரத்தை இழுத்து அகலமும் கூட்டலாம். ஆனாலும் நீளமான பெயர் முடிவில் வெட்டுப்படும். `Audio from recorder` என்று வைத்தால் `Audio fr` வரைதான் கண்ணில் படும், அதே `Audio fr` நாலு ட்ராக்கில் இருக்கும். வேறுபடுத்தும் சொல் முதலில் வர வேண்டும். `REC` போதும்.

கடைசியாக `Sequence > Delete Tracks...` திறந்து, வீடியோவிலும் ஆடியோவிலும் `All Empty Tracks` தேர்ந்து அழியுங்கள். காலி என்று நீங்கள் நினைத்த ட்ராக் போகாமல் நின்றால், அதில் எங்கோ ஒரு துண்டு ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் அது டைம்லைனின் வால் பகுதியில், படம் முடிந்து பத்து நிமிடம் தள்ளி, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று யாரோ ஒதுக்கி வைத்த க்ளிப்பாக இருக்கும்.

அறிகுறி 4: ஒரு க்ளிப் டைம்லைனில் இருக்கிறது, திரையில் வரவில்லை, அல்லது ஒலி கேட்கவில்லை

ஒரு லேயரை அணைத்து வைக்க மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு மாதிரித் தெரியும். சிறியதிலிருந்து பெரியதை நோக்கிப் பாருங்கள்.

முதலில் அந்த க்ளிப். `Shift+E` (மேக்கில் `Shift+Cmd+E`) அழுத்தி அணைத்த க்ளிப்பின் நிறம் மங்கிப்போய், பெயரும் மங்கலாக இருக்கும். பக்கத்து க்ளிப்பின் நிறத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அடுத்தது ட்ராக். வீடியோவில் கண் ஐகான் கோடு போட்டு அடைபட்டிருக்கும், ஆடியோவில் `M` பச்சையாக எரியும். இங்கே க்ளிப்பின் நிறம் மாறாது. அதனால்தான் பலர் க்ளிப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நேரம் கழிப்பார்கள். மூன்றாவது சோலோ. எங்கோ கீழே, திரைக்கு வெளியே இருக்கும் ஒரு ட்ராக்கில் `S` மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தால் மற்ற எல்லா ஆடியோவும் ஊமைதான். ஒலி மொத்தமாகப் போய் ஒரே ஒரு ட்ராக் மட்டும் கேட்கிறது என்றால் நேராக சோலோவைத் தேடுங்கள்.

எதை எப்போது அணைப்பது? வாடிக்கையாளர் வேண்டாம் என்றாலும் நாளை திரும்பக் கேட்கக்கூடிய மாற்று ஷாட்டுகளை `ALT` ட்ராக்கில், அதே நேரத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் `Shift+E` கொடுத்து அணையுங்கள். ட்ராக்கின் கண்ணையும் மூடுங்கள். இரண்டு இடத்தில் அணைப்பது எதற்கு என்று தோன்றலாம். `ALT` எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. யாராவது ஒருமுறை எல்லாக் கண்ணையும் திறந்துவிட்டால், ஒதுக்கிய ஷாட்டுகள் அனைத்தும் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். க்ளிப் அளவிலும் அணைந்திருந்தால் ஒன்றும் ஆகாது. `MAIN`, `CUT` ட்ராக்குகளுக்குள் அணைத்த க்ளிப்பை விட்டு வைக்காதீர்கள். அங்கே அது இடைவெளியைப் போல நடந்துகொண்டு, பார்ப்பதற்கு க்ளிப்பைப் போல இருக்கும்.

அறிகுறி 5: கெட்டிமேளத்தில் தவில் இரட்டையாகக் கேட்கிறது

ஒரே ஒலி இரண்டு ட்ராக்கில், சற்று முன்பின்னாக ஓடுகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி. மந்திரம், பேச்சு போன்ற இடங்களில் ஒரு ஃப்ரேம் வித்தியாசம் லேசான குடத்துக்குள் பேசும் ஒலியாகக் கடந்துபோகும். தவில் போலச் சட்டென்று அறையும் ஒலியில் இரண்டு அடியாகவே கேட்கும். அதனால் கெட்டிமேளம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

`REC` ட்ராக்கை மட்டும் சோலோ செய்து கேளுங்கள். சுத்தமாக இருந்தால் ரெக்கார்டரில் குறையில்லை. அடுத்து சோலோவை எடுத்துவிட்டு `CAM MIC` ட்ராக்கை மியூட் செய்யுங்கள். இரட்டை ஒலி போய்விட்டால் காரணம் கிடைத்தது. போகவில்லை என்றால் கேமரா ஒலி வேறொரு ட்ராக்கில் விழுந்திருக்கிறது. இங்கேதான் நிறம் கைகொடுக்கிறது: `SFX`, `SONG` ட்ராக்குகளில் `Cerulean` அல்லது `Mango` நிறத்தில் ஏதாவது தெரிகிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். கேமராவின் ஒலி தன் படத்தின் நிறத்திலேயே இருப்பதால், பாட்டு ட்ராக்கில் பழுப்புக்கு நடுவே அது தனியாகத் தெரியும். அதை `CAM MIC` ட்ராக்குக்கு இறக்குங்கள்.

கேமரா ஒலியை அழித்துவிடலாமே என்று தோன்றும். அழிக்க வேண்டாம். ரெக்கார்டர் ஒலியைப் பின்னால் எப்போதாவது திரும்பப் பொருத்த வேண்டி வந்தால் ஒப்பிட இருப்பது அது ஒன்றுதான். ட்ராக்கை மியூட்டில் விட்டு வையுங்கள்.

அறிகுறி 6: முன்னால் ஒரு ஷாட்டைச் செருகினேன், பின்னால் இசை எல்லாம் இடம் தப்பிவிட்டது

நெரிசலான டைம்லைனில் அதிக சேதம் செய்வது இதுதான். செய்யும்போது ஒன்றும் தெரியாது என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

ஒவ்வொரு ட்ராக்குக்கும் இரண்டு தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று பூட்டு. இன்னொன்று சின்க் லாக். சின்க் லாக் இயல்பாகவே எல்லா ட்ராக்கிலும் போட்டிருக்கும். அதன் பொருள், எங்கேயாவது இன்ஸர்ட் அல்லது ரிப்பிள் செய்தால் இந்த ட்ராக்கும் சேர்ந்து நகர வேண்டும் என்பது. பூட்டு அதைவிடப் பலமானது. பூட்டிய ட்ராக் எதற்கும் நகராது, சின்க் லாக் இருந்தாலும் சரி.

இப்போது நம் படத்தில். 12-ஆவது நிமிடத்தில், மாப்பிள்ளை அழைப்புக்குப் பிறகு, 5 நொடி 12 ஃப்ரேம் நீள ஷாட் ஒன்று `MAIN` ட்ராக்கில் இன்ஸர்ட் ஆகிறது. அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே 5 நொடி 12 ஃப்ரேம் தள்ளிப் போகின்றன. ஆனால் `SONG` ட்ராக்கைக் கை தவறிப் படக் கூடாது என்று யாரோ பூட்டி வைத்திருந்தார்கள். அது இருந்த இடத்திலேயே நின்றது. 18-ஆவது நிமிடத்தில் தாலி முடிச்சு விழும் ஃப்ரேமில் ஏற வேண்டிய பாட்டு, அதற்கு ஐந்தரை நொடி முன்பாகவே, மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போதே ஏறிவிடுகிறது.

படத்தோடு இணைந்த ஒலி இப்படி விலகினால் க்ளிப்பின் முனையில் சிவப்பாக ஓர் எண் வந்து எத்தனை ஃப்ரேம் விலகல் என்று சொல்லிவிடும். பாட்டு எந்தப் படத்தோடும் இணைந்ததல்ல. அதற்குச் சிவப்பு எண் வராது. அதனால் கண்டுபிடிக்க ஒரு குறி முன்கூட்டியே வேண்டும். பாட்டுக் க்ளிப்பைத் தேர்ந்து, ஏற வேண்டிய அடியில் `M` அழுத்தி ஒரு மார்க்கர் வையுங்கள். `MAIN` ட்ராக்கில் தாலி முடிச்சு விழும் ஃப்ரேமில், அந்த க்ளிப்பின் மேலும் ஒன்று. இரண்டும் நேர்க்கோட்டில் இருக்கும்வரை நலம். மேலே நேர அளவுகோலில் வைக்கும் சீக்வென்ஸ் மார்க்கர் இதற்கு உதவாது. `Markers > Ripple Sequence Markers` டிக்கில் இல்லையென்றால் அது இன்ஸர்ட்டோடு நகராது. அதுவே பொய் சொல்லும்.

அப்போதே பார்த்துவிட்டால் `Ctrl+Z`. வெகுநேரம் கழித்துத் தெரிந்தால் இப்படி: `SONG` பூட்டைத் திறங்கள். `A` அழுத்தி முன்னோக்கித் தேர்வுக் கருவியை எடுங்கள். `Shift` பிடித்தபடி, செருகிய இடத்துக்கு அடுத்துவரும் முதல் பாட்டுக் க்ளிப்பில் க்ளிக் செய்யுங்கள். `Shift` இருப்பதால் அந்த ஒரு ட்ராக்கில் மட்டும் கடைசிவரை தேர்வாகும். எண் விசைப்பகுதியில் இதைத் தட்டி என்டர்:

```
+512
```

5 நொடி 12 ஃப்ரேம் பின்னால் தள்ளிப் போகும். மார்க்கர்கள் இரண்டும் நேராகிவிட்டனவா என்று பாருங்கள். எண் விசைப்பகுதி இல்லாத மடிக்கணினியில், தேர்வை அப்படியே இழுத்து, ஸ்னாப் போட்டு மார்க்கரோடு மார்க்கரைப் பொருத்துங்கள்.

இது மறுபடி வராமலிருக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் திறந்து விட்டால் ஆயிற்று என்று நினைக்கக் கூடாது. சின்க் லாக் உள்ள ட்ராக்கில், செருகும் இடத்தின் குறுக்கே ஒரு நீளமான இசை ஓடிக்கொண்டிருந்தால் அது இரண்டாக வெட்டுப்பட்டு நடுவில் 5 நொடி 12 ஃப்ரேம் மௌனம் விழும். இதற்குப் பயந்துதான் ஆட்கள் பூட்டவே தொடங்குகிறார்கள். பட்டியலில் `SONG`, `BED` என்று இரண்டு இசை ட்ராக் இருப்பது இதற்காகத்தான். ஒரு குறிப்பிட்ட காட்சியோடு சேர்ந்து ஏற வேண்டிய பாட்டு `SONG`-இல்: சின்க் லாக் உண்டு, பூட்டு கிடையாது. விருந்து, வரவேற்பு போன்ற இடங்களில் எந்த ஷாட் வந்தாலும் அடியில் ஓடும் இசை `BED`-இல்: சின்க் லாக்கை எடுத்துவிடுங்கள். அது நகராது, வெட்டுப்படாது. `BED` க்ளிப் ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் இன்ஸர்ட் வேலைகள் முடிந்தபின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே விதி `ALT` ட்ராக்குக்கும். அதைப் பூட்டி வைத்தால் மாற்று ஷாட்டுகள் தங்களுக்கு உரிய நேரத்தை விட்டு விலகிப்போகும். சின்க் லாக்கோடு, பூட்டாமல் விடுங்கள்.

அறிகுறி 7: எல்லாம் சரி, முகூர்த்தப் பகுதியில் மட்டும் டைட்டில் அடுக்கு உயர்ந்துகொண்டே போகிறது

பெயர்ப்பலகை, அதன் பின்னணிப் பட்டை, பூ வேலைப்பாடு, நிழல் என்று ஒரே நேரத்தில் நாலைந்து க்ளிப் அடுக்கப்பட்டிருந்தால் அவற்றைத் தேர்ந்து வலது க்ளிக், `Nest...`. ஒரே க்ளிப்பாகி `TITLE` ட்ராக்கில் உட்காரும். நெஸ்ட்டுக்குத் தனி நிறம் கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இரட்டை க்ளிக். நெஸ்ட்டை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டி உள்ளே பெயரை மாற்றினால் இரண்டு இடத்திலும் மாறிவிடும்; இரண்டும் ஒரே உள் சீக்வென்ஸைத்தான் காட்டுகின்றன. மணமகன் பெயர்ப்பலகையை நகலெடுத்து மணமகள் பெயராக மாற்றி, இரண்டிலும் மணமகள் பெயரே வந்து நிற்பது இப்படித்தான். ப்ராஜெக்ட் பேனலில் அந்த நெஸ்ட்டை `Duplicate` செய்து, அந்தப் புதியதைத்தான் டைம்லைனில் போட வேண்டும்.

`Sequence > Simplify Sequence...` என்ற கட்டளையும் உண்டு. அது ஒரு நகலை உருவாக்கி, காலி ட்ராக்குகளையும் அணைத்த க்ளிப்புகளையும் தானாக நீக்கும். கலர் அல்லது சவுண்ட் பார்ப்பவருக்கு அனுப்பும் நகலுக்கு அது சரி. வேலை நடக்கும் சீக்வென்ஸுக்கு வேண்டாம். `ALT`-இல் சேர்த்து வைத்த அனைத்தையும் அது குப்பையாகத்தான் பார்க்கும்.

அறிகுறி 8: எக்ஸ்போர்ட் ஆன படத்தில் டைட்டில் இல்லை, அல்லது ஒரு ட்ராக் ஒலி இல்லை

கண் மூடிய ட்ராக்கும் மியூட் ஆன ட்ராக்கும் எக்ஸ்போர்ட்டில் வராது. சோலோவில் விட்டால் சோலோ செய்தது மட்டுமே வரும். எடிட்டின்போது வேகத்துக்காக `GFX` கண்ணை மூடிவிட்டு மறந்திருப்பீர்கள்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன் `Shift+=` அழுத்தி எல்லா ட்ராக்கையும் விரித்து, தலைப்பகுதியை மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள். அணைந்திருக்க வேண்டியவை `ALT`, `CAM MIC` இரண்டு மட்டும்தான். `S` ஒன்றுகூட எரியக் கூடாது. எந்தெந்தக் கண் மூடியிருக்கிறது என்று குழம்பிப்போனால், மூடியிருக்கும் ஒரு கண்ணின் மேல் `Shift` க்ளிக் செய்து எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, `ALT` கண்ணை மட்டும் மூடுங்கள். பிறகு மூன்று இடத்தில் பத்துப் பத்து நொடி ஓட்டிப் பாருங்கள்: முதல் டைட்டில், கெட்டிமேளம், கடைசிப் பாட்டு.